முதலாமாண்டு அசைன்மெண்ட்டும் ஏஐ சதவீதமும்

என் அண்ணன் மகள் இந்த ஆண்டு கோவையில் ஒரு கல்லூரியில் இளங்கலை வேதியியல் சேர்ந்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை திருப்பூரில் தமிழ்வழியில் படித்தவள். இளங்கலை மாணவர்களுக்குப் பொதுவான சுற்றுச்சூழல் பாடத்தில், ஊருக்கு அருகே மாசடைந்த ஓர் இடத்தை நேரில் பார்த்து, ஆயிரம் சொற்களுக்குள் ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி முதல் அசைன்மெண்ட் கொடுத்திருக்கிறார்கள். அவள் நொய்யல் ஆற்றைத் தேர்ந்துகொண்டாள். எழுதி முடித்த பிறகுதான், கல்லூரியில் எல்லாவற்றையும் ஏஐ கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள் என்றும், சதவீதம் ஏறினால் மதிப்பெண் போய்விடும் என்றும் விடுதியில் சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள். "சித்தப்பா, நானே உக்காந்து எழுதுனதுங்க. இதையும் மிஷின் எழுதுச்சுன்னு சொல்லிட்டா என்னங்க பண்றது?" என்று கேட்டாள். நானும் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறவன். இதே கேள்வியை என் வகுப்பிலும் கேட்கிறார்கள். ஆகவே அவளுக்குச் சொன்னதை, அவள் ஒப்புதலோடு, சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த மென்பொருள் எதைப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அதனிடம் நீ எழுதியதற்கும் எழுதாததற்கும் எந்தச் சாட்சியும் இல்லை. ஏற்கெனவே வெளியான பக்கங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் காப்பிச் சோதனையிலாவது, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மூலத்தைக் காட்ட முடியும். ஏஐ சதவீதத்துக்கு அப்படி மூலம் எதுவும் கிடையாது. உன் வாக்கியங்கள் எவ்வளவு எளிதில் ஊகிக்கக் கூடியவை என்பதே அதன் கணக்கின் அடிப்படை. பேருந்தின் முதுகில் "மரம் வளர்ப்போம்" என்று மட்டும் தெரிந்து, மீதி அழிந்திருந்தாலும் "மழை பெறுவோம்" என்று நாம் நிரப்பிக்கொள்கிறோம் அல்லவா? மொழி மாதிரி எனப்படும் கணினி நிரல் ஒன்று உன் கட்டுரையைச் சொல் சொல்லாகப் படித்துக்கொண்டே, அடுத்து வரப்போவது எது என்று அதைப்போலவே ஊகித்துப் பார்க்கிறது. ஊகம் அடிக்கடி சரியாக இருந்தால் இது இயந்திரத்தின் நடை என்று சந்தேகிக்கிறது. ஊகம் எவ்வளவு தவறுகிறது என்ற அளவுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்று பெயர். 2023 ஜனவரியில் வெளிவந்த ஜிபிடி ஜீரோ என்ற கண்டறியும் கருவி இதையும் வாக்கியங்களின் ஏற்ற இறக்கத்தையும்தான் முன்னிறுத்தியது. பின்னால் வந்த கருவிகள், மனிதர் எழுதியவையும் இயந்திரம் எழுதியவையுமான ஏராளமான மாதிரிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. ஆனால் அவையும் இறுதியில் நடையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கின்றன. எழுதிய கையைப் பார்த்து அல்ல.

இதில் உன்னைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். அத்தனையும் மனிதர் எழுதியவை. ஆனாலும் சராசரியாகப் பத்தில் ஆறு கட்டுரைகள் இயந்திரம் எழுதியவையாகக் குறிக்கப்பட்டன. ஏழில் ஒரு கருவியிடமாவது மாட்டிக்கொண்டவை 89. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளோ பெரும்பாலும் தப்பித்துவிட்டன. காரணம் எளிது. இரண்டாம் மொழியில் எழுதுகிறவரின் சொற்கள் குறைவு, பாதுகாப்பான வாக்கிய அமைப்புகளையே அவர் திரும்பத் திரும்பக் கையாளுவார், ஊகிப்பது எளிதாகிவிடுகிறது. அந்த ஆய்வின் இன்னொரு பகுதிதான் எனக்கு மிகவும் வேடிக்கையாகப் பட்டது. அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை அலங்கரிக்கச் சொன்னதும், தவறாகக் குறிக்கப்படுவது ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டாகக் குறைந்துவிட்டது. தானே எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், இயந்திரத்திடம் கொடுத்துப் பூச்சு பூசியவர் தப்பிக்கிறார். அந்தக் கருவிகள் பழையவை என்பதும், இன்றைய கருவிகளின் அளவு வேறாக இருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அபாயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்ட இது போதும்.

இனி உன் கட்டுரைக்கு வருவோம். நீ ஆங்கிலத்தில் எழுதிய முதல் பத்தியைத் தமிழில் தருகிறேன். "நீர் உயிரினங்களின் ஆதாரமாகும். நொய்யல் தமிழ்நாட்டின் முக்கியமான நதிகளுள் ஒன்றாகும். விரைவான தொழில்மயமாக்கல் நதி மாசுபாட்டில் முக்கியப் பங்கு வகிக்கிறது. சாயக் கழிவுகள் நதியில் கலப்பதால் நீரின் நிறம் மாறி, மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் பல்வேறு பாதிப்புகள் ஏற்படுகின்றன. எனவே நதிகளைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்." ஐந்து வாக்கியங்கள், எல்லாம் ஒரே அச்சு, பிழை எதுவும் இல்லை. நீதான் எழுதினாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏனென்றால் பொதுத்தேர்வுக்கு முன் பொதுக்கட்டுரை எழுதப் பழகிய எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கப்படுகிற வாக்கியத்தை வைத்தால் மதிப்பெண் வரும் என்று நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சி முழுவதும் ஊகிக்கக்கூடியதை எழுதுவதற்கான பயிற்சி. நொய்யல் என்ற பெயரை எடுத்துவிட்டுப் பாலாறு என்று போட்டாலும் இந்தப் பத்தி அப்படியே நிற்கும். நான் என் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை இதுதான்: ஊர்ப்பெயரை மாற்றினாலும் பொய்யாகாத வாக்கியம் உன்னுடைய வாக்கியம் ஆகாது.

தனிநடை என்றதும் பலர் நினைப்பது வேறு. 'நான்', 'என்' என்று அடிக்கடி போடுவது, நடுவே ஒரு நகைச்சுவை, பேச்சு வழக்கில் இரண்டு வரி, உணர்ச்சிகரமான ஒரு கேள்வி. இவை எல்லாமே இயந்திரத்துக்கும் கைவந்தவை. அறிவியல் பாட அறிக்கையில் இவற்றுக்குப் பெரிதாக இடமும் இல்லை. நீ என்ன செய்தாய், என்ன பார்த்தாய், அதிலிருந்து எதைத் துணிந்து சொல்கிறாய், எதைச் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்ற நான்கும் கட்டுரையில் தெரிந்தால், செயப்பாட்டு வினையில் எழுதினாலும் அது உன் குரலாகத்தான் இருக்கும்.

அன்று தொலைபேசியில் நான் உன்னிடம் கேட்டது இதைத்தான். ஆற்றங்கரைக்குப் போனாயே, தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிறமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சித்தப்பா, சாக்கடைத் தண்ணி மாதிரி கலங்கலா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாய். பிறகு எதற்கு நிறம் மாறுகிறது என்று எழுதினாய் என்று கேட்டால், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாய். உன் கண் பார்த்ததும் உன் கை எழுதியதும் பிரிந்த இடம் அதுதான். அதற்கடுத்து நீ சொன்னது இன்னும் நல்ல செய்தி. கல்லூரி ஆய்வகத்திலிருந்து நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரை வாங்கிக்கொண்டு போய், வீட்டுக் குழாயில் வரும் குடிநீரையும், அதே தெருவில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையும் அளந்திருக்கிறாய். குழாய்த் தண்ணீர் 140 பிபிஎம், கிணற்று நீர் 1,860. இரண்டும் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தன. இதைக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை என்றதற்கு, "இதெல்லாம் எழுதலாமுங்களா?" என்று கேட்டாய்.

எழுத வேண்டியதே அதைத்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், அதாவது 500 பிபிஎம் என்று ஏற்கத்தக்க அளவையும், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 என்று உச்ச வரம்பையும் வைத்திருக்கிறது. உன் கிணறு அந்த உச்சத்தை ஒட்டி நிற்கிறது. வேதியியல் மாணவியாக உனக்குத் தெரிந்த இன்னொன்றும் இங்கே உதவும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு நிறையச் சேர்க்க வேண்டும். கழிவிலிருந்து நிறத்தை நீக்கிவிட்டாலும் அந்த உப்பு தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். தெளிவான தண்ணீரும் கெட்டதாக இருப்பது அப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் எதிர்ச்சவ்வூடு பரவல் நிலையங்களுக்கும் ஆவியாக்கிகளுக்கும் இத்தனை செலவு செய்ததும், நிறத்தைவிட உப்பே பெரிய தலைவலி என்பதால்தான் பொருள்படுகின்றன.

ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்துத் திறனை அளந்து, அதை உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது. அது எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கொங்கு மண்ணில் பல இடங்களில் நிலத்தடி நீர் இயற்கையாகவே கடினமானது. சாக்கடைக் கசிவாலும் அளவு ஏறும். ஆகவே, "இந்தக் கிணற்றின் உப்பு சாயப்பட்டறையிலிருந்து வந்தது" என்று உன் மீட்டரை வைத்து எழுத முடியாது. இதை நான் சொன்னதும் நீ சோர்ந்துபோனாய். சோர வேண்டியதில்லை. "என் கருவியால் இதைச் சொல்ல முடியாது, சொல்ல வேண்டுமானால் குளோரைடும் சல்பேட்டும் தனித்தனியே பார்க்க வேண்டும்" என்ற வாக்கியத்தை நீ எழுதினால், அந்தக் கட்டுரையிலேயே மதிப்புமிக்க வாக்கியம் அதுவாக இருக்கும். வாசிக்கும் ஆசிரியர் அங்கே நிமிர்ந்து உட்காருவார்.

மறுநாள் நீ திருத்தி அனுப்பிய பத்தியும் தமிழில் இது: "நொய்யலில் சாயத்தின் நிறத்தைப் பார்ப்பேன் என்று நினைத்துப் போனேன், பார்க்கவில்லை. தண்ணீர் சாம்பல் நிறக் கலங்கலாக, சோப்பு நுரையோடு இருந்தது. அதனால் கண்ணை நம்பாமல் மீட்டரை நம்பலாம் என்று முடிவுசெய்து, எங்கள் தெருவிலேயே இரண்டு இடங்களில் அளந்தேன். குழாய் நீர் 140, எண்பதுகளில் தோண்டப்பட்டதாக வீட்டுக்காரர் சொன்ன ஆழ்துளைக் கிணற்று நீர் 1,860. வீட்டுக்காரர் அந்த நீரைத் துணி துவைக்கக்கூடப் பயன்படுத்துவதில்லை, கழிப்பறைக்கு மட்டுமே. இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று என் அளவீடு சொல்லாது." ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் இலக்கணம் சற்று இடறியிருந்தது, ஓர் இடத்தில் முன்னிடைச்சொல் தவறு. அதைத் திருத்திக் கொடுத்தேன், வேறு எதையும் தொடவில்லை. சொற்கள் முன்பைவிட எளியவை. வாக்கியங்களில் சில குட்டி, சில நீளம். நீ அதற்காக முயலவில்லை, சொல்ல வேண்டியது அப்படி அமைந்தது. அடுத்த வாக்கியத்தில் கழிப்பறை வரும் என்று எந்த மாதிரியும் ஊகிக்காது.

இதற்கு நேரெதிரான ஆலோசனைகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. வேண்டுமென்றே எழுத்துப்பிழை விடு, அகராதியைப் பார்த்து எளிய சொல்லுக்குப் பதில் அரிய சொல்லைப் போடு, மனித நடையாக மாற்றித் தருகிறேன் என்கிற செயலியில் கொடுத்து எடு. இவற்றில் கடைசியானதைச் செய்தால், உண்மையிலேயே நீ எழுதாத ஒன்றைத்தான் சமர்ப்பிக்கிறாய். அதுவரை உன் பக்கம் இருந்த நியாயமும் போய்விடும். அப்படிப்பட்ட பூச்சுகளைக் கண்டுபிடிக்கவும் கருவிகளைப் பழக்கிவருகிறார்கள். இலவசக் கருவிகள் நான்கில் உன் கட்டுரையைப் போட்டு, நான்கு சதவீதங்களைப் பார்த்து இரவெல்லாம் திருத்திக்கொண்டிருப்பதும் வேண்டாம். கல்லூரி பயன்படுத்துவது அவற்றில் எதுவாகவும் இல்லாமல் போகலாம். சதவீதத்துக்காகத் திருத்தத் திருத்த, சொல்ல வந்ததுதான் கெடும்.

இன்னும் இரண்டு பழக்கங்களில் எச்சரிக்கை தேவை. எழுத்துப்பிழை காட்டும் வசதி வேறு, வாக்கியத்தையே மாற்றி எழுதித் தரும் வசதி வேறு. பின்னதன் பொத்தானை நான்கு முறை அழுத்தினால் அந்தப் பத்தி உன்னுடையதாக இருக்காது, கருவியும் அதைக் குறிக்கக் கூடும். தமிழில் முழுவதும் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுப்பதும் அப்படித்தான். வெளிவருவது இயந்திரம் எழுதிய ஆங்கிலம். தமிழில் யோசிப்பதில் தவறே இல்லை. தமிழில் குறிப்பாக எழுதிக்கொள், பிறகு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீயே சொல். அகராதியில் தனிச்சொல் தேடுவதை எந்த ஆசிரியரும் குற்றமாக நினைக்க மாட்டார்.

இவ்வளவும் செய்தாலும் குறிக்கப்படாது என்று நான் உறுதி தர மாட்டேன். கல்லூரிகளுக்குக் கட்டுரைச் சோதனை மென்பொருள் விற்கும் டர்னிட்டின் என்ற நிறுவனம், முழு ஆவணத்தைத் தவறாகக் குறிப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லித்தான் 2023 ஏப்ரலில் தன் ஏஐ கண்டறிதலைத் தொடங்கியது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு, தாங்கள் ஓராண்டில் சோதித்த 75,000 கட்டுரைகளில் அது 750 கட்டுரைகளாகும் என்று சொல்லி, அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த வசதியை நிறுத்திவிட்டது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ வெளியிட்ட கண்டறியும் கருவியும் துல்லியம் போதவில்லை என்று ஆறே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. இருபது சதவீதத்துக்குக் கீழே வரும் அளவை நம்ப முடியாது என்பதால் டர்னிட்டின் இப்போது எண்ணையே காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறது. இந்த எண்ணை மட்டும் வைத்து மாணவர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது.

ஆகவே நடை ஒரு பக்கம் இருக்கட்டும், எழுதிய தடத்தைச் சேர்த்து வை. அதற்கு மிக எளிய வழி, முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதுவது. File பட்டியலில் Version history என்று இருக்கும். அதில் See version history-ஐத் திறந்தால் எந்த நாள், எந்த நேரம், எந்த வரி சேர்ந்தது, எது அழிந்தது என்று பார்க்கலாம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் Name current version கொடுத்து, 'கிணற்று அளவு சேர்த்தது' என்பதுபோல் ஒரு பெயர் வை. இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. கைப்பேசியில் நோட்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே மூச்சில் டாக்ஸில் ஒட்டினால், அந்த வரலாற்றில் ஆயிரம் சொற்கள் ஒரு நொடியில் விழுந்ததாகத்தான் தெரியும். அது உனக்குச் சாட்சியாவதற்குப் பதில் எதிர்ச்சாட்சியாகிவிடும். உன் தமிழ்க் குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதே. மீட்டரின் திரையை எடுத்த படங்களை அழிக்காதே. அடித்துத் திருத்திய கையெழுத்துக் குறிப்பு ஒரு பக்கம் இருந்தாலே, பேச்சு வேறு விதமாகப் போகும்.

ஒருவேளை அழைத்துக் கேட்டால், முதலில் அறிக்கையைப் பார்க்கக் கேள். ஏஐ அறிக்கை பெரும்பாலும் ஆசிரியரின் திரையில்தான் தெரியும், உனக்குத் தெரியாது. எந்த வாக்கியங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தால்தான் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியும். பெரும்பாலும் முன்னுரையும் முடிவுரையுமாகத்தான் இருக்கும், அவைதான் எல்லார் கட்டுரையிலும் ஒரே அச்சு. காப்பிச் சதவீதத்தையும் ஏஐ சதவீதத்தையும் ஒன்றாகப் பேசுகிறார்களா என்பதையும் கவனி. இரண்டும் வேறு, அதைப் பணிவோடு சுட்டிக்காட்டலாம். பிறகு, "மேடம், இது நான் எழுதுனதுதாங்க. டாக்ஸ் ஹிஸ்டரி இருக்கு, நோட்டும் கொண்டு வந்திருக்கேன். எந்தப் பத்தியை வேணும்னாலும் கேளுங்க, இப்பவே சொல்றேன்" என்று சொல். அழ வேண்டாம், வாதாடவும் வேண்டாம். தான் அளந்ததைப் பற்றி மாணவி பேசுவதைக் கேட்டால், அவளே எழுதினாளா இல்லையா என்று இரண்டு நிமிடத்தில் எந்த ஆசிரியருக்கும் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடத்தில் உன்னைக் கவிழ்க்கக் கூடிய ஒன்று இன்னும் உன் கட்டுரையில் இருக்கிறது. கடைசிப் பத்தியில் 'சினர்ஜிஸ்டிக்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறாய். எங்கோ படித்ததில் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டிருப்பாய். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்டபோது உன்னால் சொல்ல முடியவில்லை. மேடம் கேட்டாலும் முடியாது. புதன்கிழமை சமர்ப்பிப்பதற்குள் அதை எடுத்துவிட்டு, உப்பும் சாக்கடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீ எனக்குச் சொன்ன வரியையே அங்கே எழுது.